என்சி-3: திருத்தி எழுதிய வாசகம்

வணக்கம். மெஷின் ஷாப் ஆடிட்டில் நீங்கள் எழுதிய ஃபைண்டிங் இது:

"காலிபிரேஷன் ஆட்களின் அலட்சியத்தால் பல கருவிகள் தேதி முடிந்தும் ஓடுகின்றன. ஷாஃப்ட் அளவுகள் தவறாகப் போகின்றன. உடனே எல்லாவற்றையும் சரிசெய்து, பொறுப்பானவர்மீது நடவடிக்கை எடுக்கவும்."

நீங்கள் கண்டுபிடித்தது முக்கியமான விஷயம். ஆனால் இப்படியே கொடுத்தால் நாளைக் கூட்டத்தில் 'அலட்சியம்' என்ற சொல்லைப் பற்றித்தான் சண்டை நடக்கும், மைக்ரோமீட்டரைப் பற்றிப் பேச்சே வராது. உங்கள் குறிப்பேட்டை வைத்து மாற்றி எழுதியிருக்கிறேன்.

இணங்காமை (மைனர்): காலிபிரேஷன் தவணை முடிந்த ஒரு மைக்ரோமீட்டர், உற்பத்திப் பொருளை ஏற்கும் சோதனைக்குப் பயன்படுத்தப்பட்டது.

தேவை: ஐஎஸ்ஓ 9001:2015, பிரிவு 7.1.5.2: அளவீட்டுத் தடந்தொடர்தல் தேவைப்படும் இடத்தில், அளவுக்கருவிகள் குறித்த இடைவெளியிலோ பயன்படுத்துவதற்கு முன்போ காலிபிரேஷன் அல்லது சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். நிறுவனத்தின் காலிபிரேஷன் செயல்முறைப்படி மைக்ரோமீட்டருக்கான இடைவெளி 12 மாதம்.

சான்று: 22-07-2025 அன்று சிஎன்சி செல் 2-இல் 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் எம்-07 பயன்பாட்டில் இருந்தது. அதன் லேபிளில் அடுத்த காலிபிரேஷன் தேதி 14-06-2025. காலிபிரேஷன் பதிவேட்டில் அதற்குப் பிந்தைய பதிவு இல்லை. அன்றைய சோதனை அறிக்கையில் பம்ப் ஷாஃப்ட் விட்டம் (19.987–20.000 மி.மீ.) இதே கருவியால் அளந்ததாகப் பதிவாகியுள்ளது. பார்த்த 12 கருவிகளில் இந்த நிலையில் இருந்தது இது ஒன்றே.

தேவைப்படும் திருத்தம்: எம்-07-ஐ இன்றே பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும். அட்ஜஸ்ட் செய்வதற்கு முந்தைய ரீடிங்குடன் காலிபிரேஷன் முடிவைத் தர வேண்டும். கருவி அனுமதித்த பிழைக்கு வெளியே இருந்தால், முந்தைய காலிபிரேஷனுக்குப் பின் அதனால் அளந்த ஷாஃப்டுகளின் முடிவுகளை, அனுப்பியவை உட்பட, மறுபரிசீலனை செய்ய வேண்டும். காரண ஆய்வும் திருத்த நடவடிக்கையும் 05-08-2025-க்குள்.

ஏன் இப்படி என்றால், 'பல' என்று எழுதியது உங்கள் குறிப்புக்கே பொருந்தவில்லை. வெர்னியர் வி-11-ம் தேதி முடிந்ததுதான், ஆனால் அது 'பயன்படுத்தக் கூடாது' டேக் போட்டு ஸ்டோரில் இருந்ததாக நீங்களே குறித்திருக்கிறீர்கள். அது முறைப்படிதான் இருக்கிறது, அதனால் எடுத்துவிட்டேன். அளவு தவறு என்பதும் நமக்குத் தெரியாது. தவணை கடந்த மைக்ரோமீட்டர் சரியாகவே காட்டலாம், அதைக் காலிபிரேஷன்தான் சொல்லும். ஆனால் மொத்த டாலரன்ஸே 13 மைக்ரான் என்பதால், சில மைக்ரான் பிழை இருந்தாலே எல்லைக்குச் சற்று வெளியே உள்ள ஷாஃப்டும் ஓகே ஆகிவிடலாம். அந்த மறுபரிசீலனையை விட்டுவிடாதீர்கள்.

பொறுப்பானவர்மீது நடவடிக்கை என்பது நம் வேலை இல்லை. ரிமைண்டர் வைப்பதா, பதிவேட்டை மாற்றுவதா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

லேபிளின் போட்டோவையும் சோதனை அறிக்கை நகலையும் இணைத்து, க்ளோசிங் மீட்டிங்குக்கு முன் ஷாப் மேலாளரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.