பொருள்: டிரான்ஸ்கிரிப்ட், பட்டத் தகுதி உறுதிக் கடிதம் – அக்டோபர் 31 மாலைக்குள் கனடாவுக்கு நேரடியாக அனுப்ப வேண்டி – எம்.எஸ்சி. வேதியியல், பதிவெண் 2340617

அனுப்புநர்: கு. நிவேதா, டொராண்டோ, கனடா
பெறுநர்: பதிவாளர் அவர்கள், பதிவாளர் அலுவலகம்
நகல்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், தலைவர், வேதியியல் துறை
நாள்: 06.10.2025, திங்கள், இந்திய நேரம் காலை 8.30

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 2023–2025 ஆண்டுகளில் எம்.எஸ்சி. படித்து, ஏப்ரல் 2025 தேர்வுடன் எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றேன். கடந்த மாதம் முதல் டொராண்டோவில் முனைவர் பட்ட ஆய்வு மாணவியாக இருக்கிறேன். எனக்குக் கிடைத்திருப்பது நிபந்தனையுடன் கூடிய சேர்க்கை. முதுநிலைப் பட்டம் முடித்ததற்கான இரண்டு ஆவணங்கள் நம் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக இங்குள்ள ஆய்வுக் கல்வி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால்தான் ஜனவரிப் பருவத்துக்குப் பதிவு செய்ய முடியும். நானே அனுப்பும் பிரதிகளை, அசல் என் கையில் இருந்தாலும், அவர்கள் ஏற்பதில்லை.

முதலாவது, நான்கு பருவங்களுக்கும் உரிய டிரான்ஸ்கிரிப்ட். இரண்டாவது, தங்கள் கையொப்பமிட்ட உறுதிக் கடிதம். அடுத்த பட்டமளிப்பு விழா இன்னும் நடைபெறாததால் என்னிடம் தற்காலிகச் சான்றிதழ் மட்டுமே உள்ளது. ஆகவே படிப்புக்குரிய எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்துவிட்டேன் என்பது, தேர்வு முடிவு வெளியான நாள், பட்டம் அடுத்த விழாவில் வழங்கப்படும் என்பது ஆகிய மூன்றும் அக்கடிதத்தில் இருக்க வேண்டும். இரண்டுமே ஆங்கிலத்தில் தேவைப்படுகின்றன.

கெடு தேதியை இங்குள்ள அலுவலகம் அக்டோபர் 31, வெள்ளி, மாலை 4 மணி என்று குறித்துள்ளது. அது டொராண்டோ நேரம்; நமக்கு அப்போது நவம்பர் 1, சனிக்கிழமை, அதிகாலை 1.30 ஆகியிருக்கும். ஆகவே அலுவலகக் கணக்கில் கடைசி வாய்ப்பு அக்டோபர் 31, வெள்ளி மாலை 5.45 மணிதான். சனிக்கிழமை காலையில் அனுப்பினால் கெடு கடந்துவிடும். இடையில் அக்டோபர் 20, திங்கள் தீபாவளி. இங்கே அக்டோபர் 13, திங்கள் நன்றி நவிலும் நாள் விடுமுறை. அன்று மின்னஞ்சல் போய்ச் சேரும், பார்க்க ஆள் இருக்காது. ஏதேனும் திருத்தம் தேவைப்பட்டால் மறுபடி அனுப்ப நேரம் இருக்க வேண்டும் என்பதால், அக்டோபர் 17, வெள்ளிக்குள் முதல் முறை அனுப்ப இயலுமானால் பேருதவியாக இருக்கும்.

மின்னஞ்சலிலேயே அனுப்பலாம் என்று இங்குள்ளவர்கள் எழுத்தில் உறுதி செய்துள்ளார்கள். அந்தக் கடிதம் இணைப்பு 1. பெறும் முகவரியும் அதிலேயே உள்ளது. நிபந்தனை ஒன்றே: அனுப்பும் முகவரி பல்கலைக்கழகத்தின் சொந்த டொமைனில் இருக்க வேண்டும். ஜிமெயில் போன்ற பொதுக் கணக்கிலிருந்து வந்தால், துறை அலுவலகம் அனுப்பியதாகவே இருந்தாலும், தனிநபர் அனுப்பியதாகக் கருதி ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு ஒரு நகல் வைத்தால் வந்து சேர்ந்ததா என்று அன்றே கேட்டுச் சொல்லிவிடுவேன். ஆனால் எனக்கு மட்டும் அனுப்பி நான் முன்னனுப்புவது செல்லாது. பொருள் வரியில் என் விண்ணப்ப எண் 50318842 அவசியம் வேண்டும். அது இல்லாவிட்டால் கோப்பு யாருடையது என்று தெரியாமல் கிடப்பில் போய்விடும்.

ஸ்கேன் குறித்துச் சற்று விரிவாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். திருப்பி அனுப்பப்படும் ஆவணங்களில் பெரும்பாலும் சிக்கல் இங்குதான். தாளை 300 டிபிஐ அளவில், வண்ணத்தில், படுக்கை ஸ்கேனரில் எடுப்பது நல்லது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஊதா முத்திரையும் நீலக் கையொப்பமும் அச்செழுத்தோடு கலந்துவிடுகின்றன. கைபேசி ஸ்கேன் செயலிகள் பின்னணியை வெளுப்பாக்கும்போது வெளிறிய முத்திரை அறவே மறைந்துவிடுகிறது. டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் தர மதிப்பீட்டு விளக்கம் அச்சிடப்பட்டிருப்பின் அதுவும் வேண்டும். 10 புள்ளி அளவுகோலை இங்குள்ள அளவுகோலுக்கு மாற்றுவதற்கு அவர்கள் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். தாளின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும். கனடாவில் அச்சிடும் லெட்டர் தாள் 279 மி.மீ. உயரம், நம் ஏ4 தாள் 297 மி.மீ. முழு அளவில் அச்சிட்டால் 18 மி.மீ. வெட்டுப்படும். கையொப்பமும் முத்திரையும் தாளின் அடிவிளிம்பை ஒட்டி இருந்தால் அவைதான் போகும். எனவே உறுதிக் கடிதத்தில் அடியில் 3 செ.மீ. இடம் விட்டுக் கையொப்பமிடச் செய்தால் போதும்.

ஒவ்வொரு ஆவணமும் தனித்தனி பிடிஎஃப் கோப்பாக, கடவுச்சொல் இல்லாமல் இருக்கட்டும். ஜிப் கோப்பை இங்குள்ள அஞ்சல் வடிகட்டி தடுத்துவிடும். கோப்புப் பெயர்கள் இப்படி இருந்தால் எளிதில் சேர்த்துக்கொள்வார்கள்:

```
50318842_transcript.pdf
50318842_completion_letter.pdf
```

இரண்டும் சேர்ந்து 8 எம்பிக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. மின்னஞ்சலில் இணைக்கும்போது கோப்பின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். 8 எம்பி என்பது 11 எம்பி அளவில் பயணிக்கும். அளவு மிகுந்தால் தெளிவைக் குறைப்பதற்குப் பதில் இரண்டு மின்னஞ்சல்களாக அனுப்பலாம். தாங்கள் மின்னணுக் கையொப்பம் இடுவதாக இருந்தால், அந்தக் கோப்பை அச்சிட்டு ஸ்கேன் எடுக்கவோ வேறு கோப்புடன் இணைக்கவோ வேண்டாம். அப்படிச் செய்தால் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியாமல் போய், வெறும் படமாகிவிடும். மின்னணுக் கையொப்பம் இருந்தால் மேலே சொன்ன ஸ்கேன் வேலை எதுவுமே தேவையில்லை.

ஆவணங்களைத் தயாரிக்கையில் இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டுகிறேன். மதிப்பெண் பட்டியலில் என் பெயர் தலைப்பெழுத்துடன் ‘நிவேதா கு’ என்று உள்ளது. கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து ‘நிவேதா குமரேசன்’ என்றாகிவிட்டது. டிரான்ஸ்கிரிப்டில் பெயரை மாற்றக் கோரவில்லை. பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். உறுதிக் கடிதத்தில் மட்டும் இரண்டு பெயர்களும் ஒரே மாணவியைக் குறிப்பவை என்று, பிறந்த தேதியுடன் ஒரு வரி சேர்த்தால் தனியாக உறுதிமொழிப் பத்திரம் கேட்க மாட்டார்கள். அடுத்தது, முதல் பருவத்தில் ஒரு தாள் அரியர்; ஏப்ரல் 2024-இல் எழுதித் தேர்ச்சி பெற்றேன். நவம்பர் 2023 பட்டியலில் அது மறுதேர்வு என்றும், இரண்டாம் பருவப் பட்டியலில் தேர்ச்சி என்றும் உள்ளது. டிரான்ஸ்கிரிப்டில் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் வரவில்லையெனில் மொத்தக் கிரெடிட் எண்ணிக்கை ஒத்துப்போகாமல் விளக்கம் கேட்டு எழுதுவார்கள்.

விண்ணப்பப் படிவத்தையும் கட்டண ரசீதையும் இணைத்துள்ளேன். என் இந்திய எண் இங்கே இயங்காததால் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் எனக்கு வருவதில்லை. எனவே கட்டணத்தை விழுப்புரத்திலிருந்து என் அப்பா என் பதிவெண்ணில் செலுத்தினார். ரசீதில் செலுத்தியவர் பெயர் வேறாக இருப்பது அதனால்தான். நேரில் வர வேண்டிய தேவை எழுந்தால் அவரே வருவார். அவருக்கு நான் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் அவருடைய ஆதார் நகலும் இணைப்பில் உள்ளன. இந்த அதிகாரக் கடிதம் போதாது, தூதரகச் சான்றொப்பம் வேண்டும் என்பது அலுவலக விதியாக இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே தெரிவியுங்கள். இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதற்கு முன்பதிவு செய்ய வேண்டும்.

மின்னஞ்சல் வழி அறவே இயலாது, முத்திரையிட்ட உறையில்தான் அனுப்ப முடியும் என்றால், தபால் துறையின் விரைவு அஞ்சலைத் தவிர்க்க வேண்டுகிறேன். வெளிநாட்டு விரைவு அஞ்சலைக் கனடாவில் பட்டுவாடா செய்வது கனடா அஞ்சல் நிறுவனம். அதன் ஊழியர்கள் செப்டம்பர் 25 முதல் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். தனியார் கூரியருக்கு அப்பா முன்பணம் கட்டி அலுவலக வாசலிலேயே ஒப்படைக்க ஏற்பாடு செய்வார். கூரியர்காரர்கள் உள்ளே என்ன இருக்கிறதென்று உறையைப் பிரிக்கச் சொல்வதுண்டு; பிரித்தால் ஆவணம் செல்லாது. உள்ளிருப்பது கல்வி ஆவணங்கள் என்று அலுவலகத் தலைப்புத் தாளில் ஒரு கடிதத்தை உறைக்கு வெளியே தனியாகத் தந்தால் பிரிக்க வேண்டி வராது. உறையின் மடிப்பு மேல் கையொப்பமும் முத்திரையும் குறுக்காக விழ வேண்டும். இந்த வழியென்றால் அக்டோபர் 15, புதனுக்குள் உறை கிளம்ப வேண்டும்.

தொலைபேசியில் பேச வேண்டியிருந்தால் எனக்கு உகந்த நேரம் இந்திய நேரம் மாலை 4.30 முதல் 5.45 வரை, இங்கே அப்போது காலை 7 முதல் 8.15. காலையில்தான் பேச வசதி என்றால் 10 முதல் 11 வரை தயங்காமல் அழையுங்கள். இங்கே நள்ளிரவு 12.30 ஆகியிருக்கும், ஆனால் இந்த மாதம் முழுவதும் விழித்திருந்து எடுப்பேன். எண் விண்ணப்பப் படிவத்தில் உள்ளது, வாட்ஸப்பும் அதுவே. நவம்பர் 2 முதல் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவதால், இப்போதுள்ள 9.30 மணி நேர வித்தியாசம் 10.30 ஆகும்; அதன் பிறகு மாலை அழைப்பு 5 மணிக்கு மேல் என்றால் நலம்.

ஒரு கேள்விக்குப் பதில் போய்த் திரும்ப ஒரு முழு வேலைநாள் ஆகிவிடுகிறது. எனவே படிவத்திலோ இணைப்புகளிலோ குறைகள் இருந்தால் அனைத்தையும் ஒரே மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டுகிறேன். மாலை 5 மணிக்குள் வருவதற்கு மறுநாள் காலை 10 மணி அலுவலகம் திறக்கும்போது பதில் இருக்கும். இந்த வேலையைக் கவனிக்கும் பிரிவு அலுவலரின் பெயரையும் கோப்பு எண்ணையும் தெரிவித்தால், ஒவ்வொரு முறையும் தங்களைத் தொந்தரவு செய்யாமல் அவரிடமே தொடர்புகொள்வேன்.

இணைப்புகள்:
1. ஆய்வுக் கல்வி அலுவலகத்தின் கடிதம், பெறும் முகவரியுடன்
2. நிரப்பிய டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பம்
3. கட்டண ரசீது
4. நான்கு பருவ மதிப்பெண் பட்டியல்கள், இருபக்கமும்
5. தற்காலிகச் சான்றிதழ்
6. கடவுச்சீட்டின் முதல், கடைசிப் பக்கங்கள்
7. அப்பாவுக்கான அதிகாரக் கடிதமும் அவருடைய ஆதார் நகலும்

மிக்க நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. நிவேதா
எம்.எஸ்சி. வேதியியல் (2023–2025), பதிவெண் 2340617