வலது ஓரத்தில் தெரிகிற முழங்கை என்னுடையது

1996 செப்டம்பர் 5, வியாழக்கிழமை. சாத்தூர் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. எடுத்தவர் ஊரில் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் படம் எடுக்கிற ஸ்டூடியோ அண்ணன். ரோலில் ரெண்டு படம்தான் மிச்சம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ரெண்டே கிளிக். ஒன்றில் முன்வரிசை மொத்தமும் கண்ணை மூடியிருந்ததால் பிரிண்ட் போடவில்லை. மிஞ்சியது இதுதான். இடது மூலையில் பூஞ்சை பிடித்திருக்கிறது, மன்னிக்கவும். அங்கே நிற்கிற மூன்று பேரும் இன்று ஊரில் முக்கியஸ்தர்கள்.

நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் அறிவியல் டீச்சர். மடியில் ஜிகினாத்தாள் சுற்றிய சதுரப் பொட்டலம். எல்லாரும் கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்க, டீச்சர் மட்டும் வலப்பக்கம் திரும்பி, வாய் பாதி திறந்திருக்க, எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் நம் வாட்ஸ்அப் குழுவில் யாராவது இந்தப் படத்தைப் போடுவார்கள், யாராவது ‘டீச்சர் யாரைத் திட்டுறாங்க?’ என்று கேட்பார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லுவார்கள். நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். 29 வருஷம் ஆகிவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

திட்டவில்லை. என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், டீச்சர்.

கடிகாரம் வாங்க ஆளுக்கு 3 ரூபாய் வசூல். லீடர் நோட்டில் பெயர் எழுதி, கொடுத்தவர்களுக்கு டிக் போட்டு வந்தான். என் பெயருக்கு நேரே டிக் இல்லை. அந்த வாரம் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் கூலி போடவில்லை, நானும் வீட்டில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்காவது புரட்டிக் கொடுத்திருப்பாள், அதனாலேயே கேட்கவில்லை. காசு கொடுக்காதவன் பரிசோடு படத்தில் நிற்கலாமா கூடாதா என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், செயின் கழன்றுவிட்ட மாதிரி, யாருடைய சைக்கிளோ ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

‘டேய், அங்க என்ன ரிப்பேர் பண்ற? உள்ள வா.’

நான் ஓடி வந்தேன். ஸ்டூடியோ அண்ணன் பொறுக்கவில்லை, அமுக்கிவிட்டார். நீங்கள் திரும்பியது விழுந்துவிட்டது, என் முழங்கை மட்டும் உள்ளே வந்துவிட்டது. சட்டைக் கை மடிப்பில் ஒரு தையல் தெரிகிறதே, அது நான்தான். வேண்டுமானால் பெரிதுபடுத்திப் பாருங்கள்.

அன்று உங்கள் கழுத்தில் மாலை போடவந்தபோது நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. ‘1888ல திருத்தணியில பொறந்தவருக்குப் பொறந்தநாள். அவர் பேரைச் சொல்லி 1962லேருந்து நாங்கள்லாம் மாலை வாங்கிக்கிறோம்.’ ராதாகிருஷ்ணன் படத்துக்கு அந்த மாலையைப் போடச் சொன்னீர்கள். எங்கள் பள்ளியில் அவர் படம் இல்லை. காந்திக்குப் போட்டோம்.

சரி, நன்றி சொல்லவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எதற்கென்று எழுதப்போனால் மார்க்கு, ரேங்க், ஒழுக்கம் என்று ஒன்றும் வரவில்லை. ரெண்டு விஷயம்தான் வருகிறது. ரெண்டுமே அதற்கு முந்தைய வருஷம், ஒன்பதாம் வகுப்பில் நடந்தவை.

முதலாவது தீப்பெட்டி. ‘யார் யார் வீட்டில் பெட்டி ஒட்டுறீங்க?’ என்று கேட்டீர்கள். பாதி வகுப்புக்கு மேல் ஒட்டுகிறவர்கள், ஒரு கையும் எழவில்லை. கையை டெஸ்க்குக்கு அடியில் வைத்திருந்தோம், நகத்தில் பசை காய்ந்திருக்கும். நீங்கள் உங்கள் கையைத் தூக்கினீர்கள். ‘நான் காலேஜ் போற வரைக்கும் ஒட்டினேன்’ என்றீர்கள். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கை எழுந்தது. அந்த வகுப்பு எனக்கு வரி வரியாக ஞாபகம். குச்சியை ஏன் சுவரில் உரசினால் பற்றுவதில்லை, பெட்டியில் உரசினால் மட்டும் பற்றுகிறது? குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித்தூளும். உரசுகிற சூட்டில் சிவப்பில் துளியூண்டு வெள்ளை பாஸ்பரஸாக மாறுகிறது, அது குளோரேட்டைத் தொட்டதும் பற்றிக்கொள்கிறது. பிரித்து வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. முன்காலத்தில் வெள்ளை பாஸ்பரஸையே குச்சியில் வைத்தார்கள், எங்கே உரசினாலும் எரியும், ஆனால் அதைச் செய்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகிப்போகும், 1906ல் சுவிட்சர்லாந்தில் பெர்ன் என்கிற ஊரில் சில நாடுகள் கூடி அதைத் தடுக்க ஒப்பந்தம் போட்டார்கள் என்று சொன்னீர்கள்.

நான் அன்று ராத்திரி, விளக்குக்குப் பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டே அம்மாவிடம் அத்தனையும் ஒப்பித்தேன். அம்மா பசைக் கையை எடுத்துத் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ‘அப்ப நமக்கு ஒண்ணும் ஆகாதே?’ என்றாள். மறுநாள் உங்களிடம் கேட்டு வந்து சொன்னேன், சிவப்புக்கு அது வராது என்று. அதன்பிறகு அம்மா உங்களைப் பற்றிப் பேசும்போது ‘உங்க டீச்சர்’ என்று சொல்வதை விட்டுவிட்டு ‘டீச்சர்’ என்றே சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கும் டீச்சர் மாதிரி.

இரண்டாவது, கிரகணம். 1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள். ராஜஸ்தானிலிருந்து வங்காளம் வரைக்கும் ஒரு பட்டையில் சூரியன் முழுசாக மறைந்தது, நமக்குப் பாதிக் கிரகணம்தான். ஊரில் காலையிலேயே கதவெல்லாம் சாத்தியாகிவிட்டது. சாப்பாட்டில் தர்ப்பையைப் போட்டு மூடியாகிவிட்டது. லீவு நாள்தான், ஆனாலும் வேப்பமரத்தடிக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் ஆச்சி என்னைத் திண்ணையில் உட்காரவைத்து வாசலில் காலை நீட்டிக்கொண்டாள், தாண்டிப் போகமுடியாது.

ஏழு மணிக்கு நீங்களே வந்தீர்கள். வாதாடவில்லை. ‘ஆச்சி, தீபாவளிக்கு என்ன சுட்டீங்க?’ என்றீர்கள். அதிரசம் என்றாள். ‘ரெண்டு குடுங்க, உங்க பேரனை அனுப்பாட்டியும் பரவாயில்லை, நான் கிரகணம் புடிக்கறப்போ தின்னு பாக்கிறேன். நாளைக்கு நான் நல்லா இருந்தா, அடுத்த கிரகணத்துக்கு அனுப்புங்க.’ ஆச்சிக்கு விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லவும் வராது, கொடுத்துச் சாகடிக்கவும் மனசு வராது. கொஞ்ச நேரம் உங்களையே பார்த்தாள். பிறகு காலை மடக்கிக்கொண்டு, ‘அவனைத் தின்ன விட்டுறாதே தாயி’ என்றாள். போனேன். நீங்கள் எட்டரை வாக்கில், மரத்தடியில், எல்லாருக்கும் முன்னால் ரெண்டு அதிரசத்தையும் தின்றீர்கள். நான் தின்னவில்லை, ஆச்சிக்குக் கொடுத்த வாக்கு. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நேராகப் பார்த்தால் கண் போய்விடும் என்று தீப்பெட்டி அட்டையில் குண்டூசியால் ஓட்டை போட்டு, வெள்ளைத்தாளில் சூரியனை விழவைத்துக் காட்டினீர்கள், கடித்த அப்பளம் மாதிரி. அப்புறம் ஒரு பையன் கத்தினான், தரையைப் பாருங்க என்று. வேப்பிலை இடுக்கு வழியாக விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் பிறையாக இருந்தது. மண் முழுக்கப் பிறை. உங்கள் சேலையில், எங்கள் சட்டையில், நாயின் முதுகில். அந்த நாய் ஒன்றும் தெரியாமல் படுத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதுபோல் ஒன்று பார்க்கவில்லை.

பள்ளி திறந்ததும் கேட்டேன். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், கோணலும் மாணலுமாக இருக்கிறது, மற்ற நாளில் வெளிச்சம் மட்டும் எப்படி எல்லாம் வட்டமாகவே விழுகிறது? நீங்கள் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தீர்கள். ‘தெரியலைடா. பாத்துட்டு வந்து சொல்றேன்.’ வகுப்பே அமைதியாகிவிட்டது. ஒரு டீச்சர் தெரியலை என்று சொல்லி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. மறுநாள் முக்கோணமாக ஓட்டை வெட்டிய அட்டையோடு வந்தீர்கள். வெயிலில், தாளுக்குப் பக்கத்தில் பிடித்தால் முக்கோணம். கொஞ்சம் கொஞ்சமாக விலக்க விலக்க முனை மழுங்கி, கடைசியில் வட்டம். தூரம் போகப்போக ஓட்டையின் வடிவம் தோற்று, சூரியனின் வடிவம் ஜெயிக்கிறது. ‘ராத்திரி டார்ச் லைட்ட வச்சு என் பொண்ணைத் தூங்கவிடலை’ என்றீர்கள்.

நான் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது, ‘தெரியலை, பாத்துட்டுச் சொல்றேன்’ என்கிறேன். அதற்காக மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியதும் உண்டு. பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டதில்லை.

இப்போது அந்த 3 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் லீடர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், நான் அன்று காசு தரவில்லை என்று. அவன் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். டிக் இல்லாத பெயர்கள் மொத்தம் ஐந்தாம். நோட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் அவனிடம் 15 ரூபாய் கொடுத்து, ‘யார்கிட்டயும் சொன்னே, பிராக்டிகல்ல கை வச்சிருவேன்’ என்றீர்களாம். உங்களுக்கு வாங்குகிற கடிகாரத்துக்கு நீங்களே காசு. அவன் 28 வருஷம் காப்பாற்றியிருக்கிறான். பிராக்டிகல் மார்க் வந்து எத்தனை வருஷமாச்சு என்று கேட்டேன், ‘டீச்சரைப் பத்தித் தெரியாதா’ என்றான்.

ஆக, படம் எடுக்கும்போதே எனக்கும் சேர்த்துக் கட்டியிருந்தீர்கள். நான் பாட்டுக்கு யாரோ ஒருவர் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தேன்.

நன்றி, டீச்சர். இதை உங்கள் மகள் சத்தமாகப் படித்துக் காட்டுவார் என்று தெரியும், அதனால் அக்கா, டார்ச் லைட் விஷயத்துக்கு உங்களுக்கும் சேர்த்து நன்றி. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வருகிறேன். ஆச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள், அம்மா இருக்கிறாள், அவள்தான் அதிரசம் சுடுகிறாள். உங்களுக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டேன், அதனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள், இந்தத் தடவை நான் ரெண்டு தின்கிறேன்.