கார்த்திக்கு, வண்டி விவரம்

மாப்ள,

நீ வந்து சேரும்போது நானும் அத்தையும் பாண்டியன்ல ஏறியிருப்போம். சாவி மாடி வீட்டு அக்காகிட்ட இருக்கு. பத்திரிகை வைக்கப் போற அவசரத்துல இதை மடிச்சுப் பையில போட்டுடாத. வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா படிச்சுட்டு டேஷ்போர்டுல வை.

முதல் விஷயம், இது டீசல் வண்டி. தெரியும்னுதான் சொல்லுவ. ஆனா ஆறு வருஷமா பெட்ரோல் வண்டியே ஓட்டின கை உன்னுது. பங்க்ல "ஃபுல் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு போனைப் பார்த்துக்கிட்டு நின்னா, பையன் எந்தக் குழாய எடுப்பான்னு சொல்ல முடியாது. போன வருஷம் எனக்கே நடந்துச்சு. சில்லறை எண்ணிக்கிட்டு இருந்தேன், அஞ்சு லிட்டர் பெட்ரோல் உள்ள போயிடுச்சு. நல்லவேளையா சாவியத் திருப்பல. தள்ளி ஓரங்கட்டி, டேங்கைக் கழட்டிக் காலி பண்ணி, மொத்தம் 6,000 ரூபாய் ஆச்சு. அன்னைக்குச் சாயங்காலமே அத்தை நெயில் பாலிஷால மூடிக்குள்ள "டீசல்"னு எழுதிட்டா. சிவப்பா, கொஞ்சம் கோணலா இருக்கும். அதை அந்தப் பையனுக்குக் காட்டு, வாயாலயும் சொல்லு.

அப்படியும் தப்பு நடந்துட்டா ஸ்டார்ட் பண்ணாத, சாவிய ஆன்ல கூட வைக்காத. டீசல்ல இருக்கற எண்ணெய்ப் பசைதான் உள்ள இருக்கற பம்ப்பைத் தேயாம காப்பாத்துது. பெட்ரோல்ல அது கிடையாது. ஓடவிட்டா பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போயிடும், அப்புறம் உன் கல்யாணச் செலவுல இதையும் சேர்த்துக்க வேண்டியதுதான்.

டேங்க் 42 லிட்டர். இப்ப முக்கால் இருக்கு. ஹைவேல லிட்டருக்கு 18 கிடைக்கும், ஏசி போட்டு ஊருக்குள்ள சுத்தினா 14. திருநெல்வேலி போயிட்டு வர்றதுக்கு இருக்கறதே போதும். தேனி, கம்பம் பக்கம் கிளம்பறதுக்கு முன்னாடி அடிச்சுக்க. கால் டேங்குக்குக் கீழ இறங்க விடாத. டீசல் வண்டி காஞ்சு நின்னா, ஊத்தினவுடனே கிளம்பாது. லைன்ல காத்து ஏறிடும், அதை எடுக்க ஆள் வேணும். டேங்க் மூடி இடது பக்கம், அதைத் திறக்கற லீவர் உன் சீட்டுக்கு வலது பக்கம் கீழ.

காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மீட்டர்ல சுருள் கம்பி மாதிரி ஒரு ஆரஞ்சு லைட் எரியும். ஹீட்டர் லைட். அது அணைஞ்ச பிறகு திருப்பு, ரெண்டு செகண்டுதான். அதே மாதிரி, நாலுவழிச் சாலைல வேகமா வந்துட்டு டக்குனு ஆஃப் பண்ணாத. டர்போ சூடா சுத்திக்கிட்டு இருக்கும். ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு அணை. அந்த நேரத்துல நீ பத்திரிகை, குங்குமம் எல்லாம் எடுத்து வெச்சுக்கலாம்.

அடுத்து ஆயில். வண்டிக்குப் பன்னெண்டு வயசு, 1,68,340 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கொஞ்சம் ஆயில் குடிக்கும், 2,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர்கிட்ட. வயசானா எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கும்ல. போடறது 5W-30, டீசல் இன்ஜினுக்கானது. டிக்கில ஸ்டெப்னி பக்கத்துல பச்சை டப்பால முக்கால் லிட்டர் இருக்கு. வேற எதையும் வாங்கி ஊத்தாத, யார் என்ன சொன்னாலும்.

ரெண்டு நாளைக்கு ஒருக்கா, காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, சமதரைல நிறுத்திப் பாரு. மஞ்சள் வளையம் வெச்ச கம்பி. உருவித் துணியால துடைச்சு, மறுபடி முழுசா இறக்கி எடுத்துப் பாக்கணும். துடைக்காம பாத்தா தப்பாத்தான் காட்டும். ஆயில் ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா விட்டுடு. கீழ்க் கோட்டுகிட்ட வந்தா கால் லிட்டர் ஊத்தி, அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாரு. தண்ணி பாட்டில் கழுத்தை வெட்டி புனல் மாதிரி வெச்சிருக்கேன், டப்பா மேலயே கவுத்திருக்கு. மேல் கோட்டைத் தாண்ட விடாத, அதிகமானா குறைஞ்சதை விட மோசம். கறுப்பா இருக்கேன்னு பயப்படாத, டீசல்ல அப்படித்தான் இருக்கும். ஓடும்போது ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு லைட் எரிஞ்சா மட்டும், பங்க் பக்கத்துலதான் இருக்குன்னு நினைக்காம அந்த இடத்துலயே ஓரங்கட்டி அணைச்சுடு. மெக்கானிக் நம்பர் சன்வைசர்ல செருகியிருக்கு.

வைப்பர் தண்ணிய யாருமே கண்டுக்க மாட்டாங்க. கம்பம் ரோட்டுல ராத்திரி வந்தா தெரியும், கண்ணாடி முழுக்கப் பூச்சி அப்பிக்கும். தண்ணி இல்லாம வைப்பரை ஓட்டினா அது வெண்ணெய் தடவின மாதிரி ஆயிடும், எதிர்ல வர்ற லாரி லைட்டுல ஒண்ணும் தெரியாது. நேத்துதான் ரொப்பினேன். குறைஞ்சா குடிதண்ணி கேன்ல இருந்து ஊத்து. போர் தண்ணி வேண்டாம், உப்பு படிஞ்சு துளை அடைச்சுக்கும். வலது பக்கத் துளை ஏற்கனவே அப்படித்தான் இருக்கு. பிசிறினா ஊக்கு விட்டுக் குத்து, ஊக்கு ஏசி வென்ட்ல மாட்டியிருக்கேன். ஷாம்பு, பாத்திரம் கழுவற லிக்விட் எதுவும் கலக்காத, நுரை கட்டும். கிளவ்பாக்ஸ்ல வாஷர் பாக்கெட் ரெண்டு இருக்கு, ஒரு தடவைக்கு ஒண்ணு போதும்.

பானெட்டைத் திறந்தா ரெண்டு மூடி தெரியும். கண்ணாடியும் நீர் தெறிக்கற படமும் போட்டது வைப்பருக்கு. இன்னொண்ணு கூலன்ட், அதுல கை வைக்காத, சூடா இருக்கும்போது நிச்சயமா வேண்டாம். தண்ணி வரலைன்னா சுவிட்சைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்காத, குட்டி மோட்டார் எரிஞ்சுடும். உன் வண்டில இண்டிகேட்டர் இடது கைப் பக்கம், இதுல வலது. முதல் நாள் நாலு தடவையாவது வெயில்ல வைப்பர் போடுவ, பரவாயில்ல.

காத்து நாலு வீல்லயும் நேத்து பாத்துட்டேன். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூணும் கிளவ்பாக்ஸ்ல பிளாஸ்டிக் கவர்ல. ஃபாஸ்டேக்ல 640 ரூபாய் இருக்கு. திருநெல்வேலி பக்கம் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர்னு வரிசையா கழியும், போயிட்டு வந்தா பத்தாமப் போகலாம். கிளம்பறதுக்கு முன்னாடி 500 போட்டுக்க.

டேங்கை ரொப்பித் திருப்பித் தரணும்னெல்லாம் கணக்கு பாக்காத. ஆயில் எவ்வளவு ஊத்தினன்னு மட்டும் இதே தாள் பின்னாடி கிலோமீட்டரோட எழுதி வை. சின்னப் பாட்டிக்கு பத்திரிகை வைக்க மறந்துடாத, அவங்க வீட்டுத் தெருவுல வண்டி திரும்பாது, கோயில்கிட்டயே நிறுத்திட்டு நட.

மாமா