பெண் கேட்டு எழுதும் மடல்

உ
சிவமயம்

திருவையாறு
குரோதி ஆண்டு, தை 21, திங்கட்கிழமை
3.2.2025

மன்னார்குடி, உயர்திரு இராமலிங்கம் ஐயா அவர்களுக்கும், தங்கள் இல்லத்தரசியார் திருமதி விஜயலட்சுமி அம்மையார் அவர்களுக்கும், திருவையாற்றிலிருந்து வைத்தியநாதனும் மீனாட்சியும் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

வணக்கம். அறம்வளர்த்த நாயகி உடனுறை ஐயாறப்பர் திருவருளால் இங்கு நாங்கள் யாவரும் நலம். தாங்களும், தங்கள் இல்லத்துப் பெரியவர்களும் குழந்தைகளும் நலமுடன் இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

எங்கள் மூத்த மகன் சிரஞ்சீவி செந்தில்நாதனுக்குத் தங்கள் அருமை மகள் செல்வி கயல்விழியைப் பெண் கேட்டு இம்மடலை எழுதுகிறோம். தங்கள் மைத்துனர் தட்சிணாமூர்த்தி அவர்கள் சென்ற வாரம் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தபோது, தாங்கள் இந்த ஆண்டு பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, முறைப்படி எழுதிக் கேட்கலாம் என்று எங்களுக்குத் தைரியமும் அளித்தார். கைப்பேசியில் இரண்டு வார்த்தையில் கேட்டுவிடும் காரியம் அன்று இது என்பதாலும், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் நிதானமாக வாசித்து யோசிக்க ஏதுவாக இருக்கும் என்பதாலும் கடிதமாகவே எழுதுகிறோம்.

உண்மையில் தங்கள் மகளை முதலில் கண்டவர் எங்கள் தாயார்தான். சென்ற ஆவணியில் கும்பகோணத்தில் நம் இருவருக்கும் வேண்டிய ஒரு திருமணத்தில், பந்தியில் அவருக்கு அடுத்த இலையில் செல்வி கயல்விழி அமர்ந்திருந்தாராம். தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. வலது கையில் நடுக்கம் உண்டு. ரசம் ஊற்றியவர் அவசரத்தில் ஊற்றிவிட்டுப் போக, அது இலையின் ஓரத்தை நோக்கி ஓடியது. தங்கள் மகள் ஒரு சொல்லும் பேசாமல், வயலில் வரப்புக்கு மண் அணைப்பது போலச் சோற்றை ஒதுக்கிக் கரை கட்டி, ரசம் புடவையில் வழியாமல் நிறுத்தி, அப்பளத்தையும் நொறுக்கி வைத்துவிட்டுத் தம் இலைக்குத் திரும்பியிருக்கிறார். எங்கள் தாயார் "யார் வீட்டுப் பெண்ணம்மா நீ?" என்று கேட்டதற்கு, "மன்னார்குடி இராமலிங்கம் மகள், பாட்டி" என்று தங்கள் பெயரைத்தான் முதலில் சொன்னாராம். அன்று இரவு வீடு திரும்பியதிலிருந்து தாயாருக்கு வேறு பேச்சில்லை. பிறகு புரட்டாசி, ஐப்பசி என்று நடவு வேலைகள் நெருக்கின. மார்கழியில் இப்பேச்சை எடுப்பது வழக்கமில்லை. தை பிறக்கட்டும், அறுவடையும் முடியட்டும் என்று காத்திருந்தோம்.

இனி எங்களைப் பற்றிச் சொல்கிறோம். பெண்ணைக் கொடுப்பவர்கள் தாங்கள். ஆகையால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுவது எங்கள் கடமை.

மகனுக்கு 29 வயது நிறைந்துள்ளது. வைகாசி மாதம் அனுஷ நட்சத்திரத்தில் பிறந்தவர், விருச்சிக ராசி. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கடந்த நான்கு ஆண்டுகளாக வேளாண்மைத் துறையில் அலுவலராகப் பாபநாசத்தில் பணிபுரிகிறார். பிடித்தம் போக மாதம் 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. வெற்றிலை, புகையிலை உட்பட எந்தப் பழக்கமும் இல்லை. சற்று முன்கோபம் உண்டு. ஆனால் அது வந்த வேகத்தில் அடங்கிவிடும் என்பதைப் பெற்றவர்கள் என்ற முறையில் சொல்லிவைக்கிறோம். மகளை ஒரத்தநாட்டில் கொடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பேரன் இருக்கிறான். இளைய மகன் திருச்சிராப்பள்ளியில் படிக்கிறார்.

பூர்வீகமாகப் பன்னிரண்டு மா நிலம், அதாவது நான்கு ஏக்கர், ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு வழக்கமான ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படாததால் குறுவையைக் கைவிட்டுச் சம்பா மட்டுமே செய்தோம். மகள் திருமணத்திற்காக வாங்கிய கடனில் இரண்டு லட்சம் ரூபாய் இன்னும் பாக்கி இருக்கிறது. அதை அடைக்கும் பொறுப்பு என்னுடையது, மருமகளாக வருபவரின் மேல் அதன் நிழலும் விழாது.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகனுக்கு ஓரிடத்தில் பெண் பார்த்து, பூ வைக்கும் நாள் வரை பேசி, பின்னர் அது நின்றது. அந்தப் பெண் மேற்படிப்புக்கு வெளியூர் செல்ல விரும்பினார்; இரு வீட்டாரும் மனத்தாங்கல் இன்றிப் பேசி விலகினோம். இது தங்கள் காதில் வேறு விதமாக விழுவதற்கு முன் எங்கள் கையாலேயே எழுதுவது நல்லது என்று தோன்றியது. விசாரிக்க விரும்பினால் அந்த வீட்டாரையே தாங்கள் கேட்கலாம், முகவரி தருகிறோம்.

எங்கள் குலதெய்வம் ஊர் எல்லை ஐயனார். தங்களுக்குக் காமாட்சியம்மன் என்று தட்சிணாமூர்த்தி அவர்கள் சொன்னதால், பங்காளி முறை குறுக்கிடாது என்று அறிந்து நிம்மதி அடைந்தோம்.

சீர், நகை, ரொக்கம் என்று எதையும் நாங்கள் கேட்கமாட்டோம். உறவினர் எவரேனும் எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் அதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். தங்கள் மகளுக்குத் தாங்கள் மனமுவந்து இடுவது அவருக்கே உரியது, அதன் கணக்கு எங்களுக்குத் தேவையில்லை. திருமணச் செலவை இரு வீட்டாரும் பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

செல்வி கயல்விழி கணிதத்தில் முதுகலையும் பி.எட். பட்டமும் பெற்று ஆசிரியராகப் பணிபுரிவதை அறிவோம். அவர் அந்த வேலையைத் தொடர வேண்டும் என்பதில் என் மனைவி உறுதியாக இருக்கிறார். பதினொன்றாம் வகுப்போடு தம் படிப்பை நிறுத்திய குறை அவருக்கு இன்றும் உண்டு. வருகிற மருமகள் பள்ளிக்கூடம் போய்வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார்.

மகனின் ஜாதகப் பிரதியையும் நிழற்படத்தையும் மஞ்சள் தடவி இத்துடன் இணைத்திருக்கிறோம். தங்களுக்கு உகந்த சோதிடரிடம் பொருத்தம் பார்த்து, திருப்தியாக இருந்தால் செல்வி கயல்விழியின் ஜாதகத்தையும் அனுப்பிவைக்க வேண்டுகிறோம். ஆனால் பொருத்தத்திற்கும் முன்னதாகத் தங்கள் மகளின் விருப்பத்தைக் கேளுங்கள். நேரில் பேசிப் பார்க்க அவர் விரும்பினால் அதற்கும் எங்கள் மகன் ஆயத்தமாக இருக்கிறார்.

தங்களுக்குச் சம்மதமானால், மாசியில் தாங்கள் குறிப்பிடும் ஒரு வளர்பிறை நாளில், பூவும் பழமும் வெற்றிலை பாக்குமாக ஐவர் மட்டும் தங்கள் இல்லம் வருகிறோம். சென்ற பங்குனியில் திருமழபாடியில் நந்தியெம்பெருமான் திருக்கல்யாணத்தைக் கண்டு வணங்கிவந்தோம். நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம் என்பது எங்கள் ஊர்ச் சொல். மாப்பிள்ளையான நந்தியின் ஊர் திருவையாறு என்பதால் அந்த விழாவில் எங்களுக்கு எப்போதும் தனி உரிமை; அவர் அருள் கூட்டிவைத்தால் வைகாசியில் முகூர்த்தம் பார்க்கலாம்.

ஒருவேளை தங்களுக்கு வேறு எண்ணம் இருந்தாலும், அதை ஒரு வரியில் எழுதிவிடத் தயங்க வேண்டாம். அதனால் எங்களுக்கு வருத்தம் நேராது; திருவையாறு வரும்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் அமராமல் தாங்கள் திரும்பக்கூடாது.

எங்கள் தாயார் செல்வி கயல்விழிக்குத் தம் ஆசிகளைத் தெரிவிக்கச் சொன்னார். வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கங்களையும் குழந்தைகளுக்கு அன்பையும் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். தங்கள் மறுமொழியை எதிர்நோக்கும்,

பணிவன்புள்ள,
சோ. வைத்தியநாதன்
வை. மீனாட்சி