இடமாற்ற அறிவித்தல்: நாளைய ஏடு, பழம்பத்திரப் பயிற்சி முத்திரைச்சந்திக்குப் பக்கத்து வாசிகசாலை மண்டபத்தில்

வெள்ளிக்கிழமை, 11.12.2026, மாலை 6.30

அன்புடையீர்,

நாளை சனிக்கிழமை (12.12.2026) நடக்கும் ஏடு, பழம்பத்திரம் பாதுகாக்கும் பயிற்சிக்கு இடம் மாறிவிட்டது. முன்பு சொல்லியிருந்த பள்ளிக்கூட மேல்மாடி அறைக்குப் போக வேண்டாம். முத்திரைச்சந்தியில் இருந்து செம்மணி வீதிக்குள் கொஞ்சத் தூரத்தில் இருக்கும் வாசிகசாலையின் பின்மண்டபத்துக்கு வாருங்கள். தொடங்கும் நேரமும் அரை மணித்தியாலம் தள்ளி 9.30 ஆகிறது. முடியும் நேரம் முன்பு சொன்ன அதே பிற்பகல் 1.00 மணிதான்.

காரணம் மழை. நேற்று இரவு பெய்த மழையில் மேல்மாடி அறையின் கூரை ஒழுகி, நீங்கள் ஏடுகளை விரித்து வைக்க இருந்த நீள மேசைக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருக்கிறது. வாளி வைத்துச் சமாளிக்கலாமா என்று இன்று பின்னேரம் வரை பார்த்தோம். ஆனால் ஒரு பரம்பரை பொத்திப் பொத்தி வைத்த ஏட்டை ஒழுகும் கூரைக்குக் கீழே வைக்கும்படி உங்களிடம் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. அன்று போனது போக எஞ்சியதில் எவ்வளவோ இன்னும் வீட்டுப் பெட்டகங்களில்தான் கிடக்கிறது. கடைசி நேரத்தில் உங்களை அலைக்கழிப்பதற்கு உண்மையாகவே வருந்துகிறோம்.

இனி வழி.

யாழ் நகரில் இருந்து பஸ்ஸில் வருபவர்கள் பருத்தித்துறை வீதியால் போகும் பஸ்ஸில் ஏறி, முத்திரைச்சந்தியில் இறக்கிவிடும்படி நடத்துனரிடம் முதலே சொல்லி வையுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடது கைப்பக்கம் வந்ததும் எழும்பத் தயாராகுங்கள், அடுத்த சந்திதான். குதிரையில் வாளோடு இருக்கும் சங்கிலியன் சிலையைக் கண்டால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். மந்திரிமனை தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள், திரும்பி நடந்து வாருங்கள். கோப்பாய், இருபாலை, கல்வியங்காட்டுப் பக்கமிருந்து வருபவர்களுக்கு இது மறுவளம்: முதலில் மந்திரிமனை, பிறகு சிலை.

சிலையடியில் இருந்து செம்மணி வீதிக்குள் திரும்புங்கள். முதலாவது ஒழுங்கையை விட்டுவிடுங்கள். இடது பக்கம் வரும் இரண்டாவது ஒழுங்கைதான் நமக்கு வேண்டியது. அதன் வாயிலில் ஒரு வேம்பும், அதன் கீழ் சூலம் நட்ட சிறிய வைரவர் கோவிலும் இருக்கின்றன. எதிர்ப்பக்கம் நீலக் கதவு போட்ட பலசரக்குக் கடை. இந்த மூன்றும் ஒன்றாகத் தெரியாவிட்டால் அது வேறு ஒழுங்கை. முதலாவது ஒழுங்கையிலும் ஒரு வேம்பு நிற்பதால் இன்று எங்களில் இருவரே அதற்குள் போய்த் திரும்பி வந்தார்கள்.

ஒழுங்கைக்குள் ஏறத்தாழ நூற்றைம்பது அடி வைத்து நடந்தால் பாதை வலது பக்கம் வளைகிறது. அந்த வளைவில் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நிற்கிறது. மதில் ஓரமாக இன்று கல்லும் பலகையும் போட்டிருக்கிறோம், அதன் மேல் ஒவ்வொருவராக நடந்து வாருங்கள். வளைவு தாண்டியதும் மஞ்சள் மதில் வரும். முன்வாசலில் ஆட்கள் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார்கள், அதனால் நாங்கள் உள்ளே போவது அதற்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் படலையால். படலைக்குள் நுழைந்து கிணற்றைச் சுற்றிப் பின்னால் வந்தால் மண்டபம். படிக்கட்டு இல்லை, எல்லாம் நிலமட்டம். மாடி ஏறச் சிரமப்படுவதாகச் சொன்ன மூத்தவர்களுக்கு இந்த மாற்றத்தால் ஒரு நன்மையும் உண்டு.

கூகுள் மப்பை நம்பி வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வாசிகசாலையை அது சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் கூட்டிக்கொண்டு வருவது பின்புறக் குச்சொழுங்கையால். அங்கே மதில்தான் இருக்கிறது, வாசல் இல்லை. ஓட்டோவில் வருபவர்கள் “முத்திரைச்சந்தி, செம்மணி வீதி, வைரவர் கோவில் ஒழுங்கை” என்று சொன்னால் போதும்.

சாவகச்சேரி, கைதடிப் பக்கமிருந்து வருபவர்கள் நகருக்குள் போய்த் திரும்பி வரத் தேவையில்லை. செம்மணி வீதியாலேயே நல்லூர்ப் பக்கம் வாருங்கள். உங்களுக்கு அந்த ஒழுங்கை, சந்தி வருவதற்கு முன்பே வலது கைப்பக்கம் வரும். வேம்பு, வைரவர், நீலக் கதவு என்ற அடையாளங்கள் அதேதான்.

காரை ஒழுங்கைக்குள் கொண்டுவந்தால் வளைவில் திருப்ப முடியாது. செம்மணி வீதியில் பலசரக்குக் கடையை அடுத்த வெறும் வளவில் நிறுத்த உரிமையாளர் இடம் தந்திருக்கிறார். சைக்கிள், மோட்டார் சைக்கிள்களைப் படலைக்குள் கொண்டு வரலாம்.

இந்த அறிவித்தலைப் பார்க்காமல் யாராவது பழைய இடத்துக்குப் போனால் தவித்துப் போகக்கூடாது. ஆகவே காலை 8.15இல் இருந்து 10.00 மணி வரை பள்ளிக்கூட வாசலில் எங்கள் ஆள் ஒருவர் பச்சைக் குடையோடு நிற்பார், ஒரு ஓட்டோவும் நிற்கும். அங்கிருந்து மண்டபத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். நடக்க முடியாதவர்களையும் பெட்டி, கட்டு கொண்டு வருபவர்களையும் ஓட்டோ ஏற்றி வரும், காசு கொடுக்க வேண்டாம். சங்கிலியன் சிலையடியிலும் வைரவர் கோவிலடியிலும் பச்சைக் குடையோடு ஆட்கள் நிற்பார்கள். தயங்காமல் கேளுங்கள்.

நாளையும் மழை பெய்யலாம். கொண்டு வரும் ஏடு, உறுதி, படம் எதுவானாலும் முதலில் சுத்தமான பருத்தித் துணியால் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் பையில் போடுங்கள். ஏடு பொலித்தீனில் நேராகப் படக்கூடாது. ஏட்டுக்கட்டின் நூலை இழுத்து இறுக்காதீர்கள், இருக்கிறபடியே கொண்டு வாருங்கள். வழியில் நனைந்துவிட்டால் வெயிலில் விரிக்கவோ ஒட்டிய தாளைப் பிரிக்கவோ வேண்டாம். அப்படியே தட்டையாக வைத்துக் கொண்டு வந்து தாருங்கள், மண்டபத்தில் ஒற்றுத்தாளோடு தனி மேசை ஒன்று இதற்கென்றே போட்டிருக்கிறோம். மழை மிகவும் கடுமையாக இருந்தால் மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு, போனில் எடுத்த படத்தோடு வாருங்கள். அதை வைத்தும் கற்றுக்கொள்ளலாம்.

தேநீர் 11.00 மணிக்கு. கைகழுவக் கிணற்றடியில் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கும். மலசலகூடம் மண்டபத்துக்கு இடது பக்கம்.

இதைப் பார்த்தவர்கள் முன்னைய அறிவித்தல் வந்த அதே வட்ஸ்அப் எண்ணுக்கு “பார்த்தேன்” என்று ஒரு சொல் அனுப்பிவிடுங்கள். இரவு 9.00 மணிக்குள் பதில் வராதவர்களுக்கு நாங்களே போன் எடுப்போம். வட்ஸ்அப் பார்க்காத அம்மா, அப்பா, ஆசிரியர், அயலவர் யாரையாவது நீங்கள் பதிவு செய்து விட்டிருந்தால், இன்றிரவே அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

நாளை காலை வழி தவறினால், நின்ற இடத்திலேயே நின்று அதே எண்ணுக்கு அழையுங்கள். 7.30இல் இருந்து போன் கையிலேயே இருக்கும், ஆள் அனுப்பிக் கூட்டி வருவோம்.

அன்புடன்,
பயிற்சி ஒழுங்கமைப்பாளர்கள்