1918 ஜார்ஜ் மன்னர் வெள்ளி ஒரு ரூபாய், பம்பாய் அச்சு

தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்தது. பின்பக்கம் வருடத்துக்குக் கீழே பூவை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது, அதனால் பம்பாய் அச்சு. நகைக்கடைத் தராசில் 11.6 கிராம் (புதிதில் 11.66), காந்தத்தில் ஒட்டவில்லை, விளிம்பு வரிகள் சீராக இருக்கின்றன. என் கண்ணுக்கு அசல்தான், ஆனால் சான்றிதழ் கிடையாது.

தரம் வெரி ஃபைன் என்பேன். மன்னர் அங்கியிலுள்ள யானை தெளிவு, கிரீடம் மட்டும் லேசாகத் தேய்ந்திருக்கிறது. கன்னத்தில் ஒரு கீறல், படத்தில் பாருங்கள். கழுவவோ பாலிஷ் போடவோ இல்லை.

அரிய காசு என்று சொல்ல மாட்டேன், இந்த வருடத்துக் காசு நிறையவே கிடைக்கிறது. வாங்கும் நாளின் வெள்ளி விலைக்கு மேல் 300 ரூபாய் கேட்கிறேன். நாளைக்கு லட்சம் போகுமா என்று மட்டும் கேட்காதீர்கள். அசல் இல்லையென்று யாராவது சோதித்துச் சொன்னால் 10 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறேன்.