கும்பகோணம் பாட்டு, நாட்டிய வகுப்பு மையம்: முதல் ஆண்டுக்கான திட்டம்

மாடியைத் தரும் சித்தப்பாவுக்கும், முதல் போடும் சிங்கப்பூர் அக்கா, அத்தானுக்கும், நாட்டியப் பொறுப்பை ஏற்கும் அண்ணிக்கும் எழுதியது. நால்வரும் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேள்விகளோடு வாருங்கள்.

எதற்காக இந்த மையம்

நானும் அண்ணியும் நான்கு வருடமாக ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். நியூ ஜெர்சி, லண்டன், சிட்னி, சிங்கப்பூர் என்று இப்போது 14 பேர். பாதிப்பேர் ஒருவர் சொல்லி ஒருவர் வந்தவர்கள். போன வருடம் மட்டும் ஒன்பது குடும்பங்களை "நேரம் இல்லை" என்று திருப்பி அனுப்பினோம்.

ஆனாலும் ஆள் சேர்ப்பது இந்தத் திட்டத்தின் நோக்கம் இல்லை. வாரம் இரண்டு வகுப்பில் யாருக்கும் பாட்டு வராது. மீதி ஐந்து நாளும் அந்த வீட்டில் பத்து நிமிடமாவது சாதகம் நடந்தால்தான் வரும். நம் ஊரில் பக்கத்து வீட்டுப் பாட்டு காதில் விழும், கோயிலில் நாகஸ்வரம் கேட்கும். அங்கே அது கிடையாது. அந்த வீட்டுக்குள் உண்டாக்கினால்தான் உண்டு. அதனால் நாம் சேர்ப்பது குழந்தையை மட்டும் அல்ல, ஒரு குடும்பத்தை. முதல் ஆண்டில் 36 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நேரம்

எல்லாமே இதில்தான் தொடங்குகிறது. நியூ ஜெர்சியில் கோடையில் மாலை 7.30 என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 5 மணி. குளிர்காலத்தில் 6 மணி. சிட்னியில் மாலை 5 மணி, அவர்கள் கடிகாரத்தை மாற்றும் மாதங்களில் நமக்குக் காலை 11.30, மற்ற மாதங்களில் 12.30. சிங்கப்பூர் மட்டும் வருடம் முழுக்க ஒரே கணக்கு, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். லண்டன் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து உட்காரும்போது இங்கே இரவு பத்தை நெருங்கிவிடும். அதனால் அவர்களுக்குச் சனி, ஞாயிறு மதியம் மட்டும்.

ஒரு நாளின் வரிசை இப்படி அமையும்: விடியற்காலை 5 முதல் 7.30 வரை அமெரிக்கா, முற்பகல் 11.30 முதல் 1.30 வரை சிட்னி, பிற்பகல் 3.30 முதல் 5 வரை சிங்கப்பூர். இடையில் ஆசிரியர்களுக்கு ஓய்வு கட்டாயம். விடியற்காலை வகுப்பு எடுப்பவர் அன்று மாலை வகுப்பு எடுக்கக் கூடாது. குரல் போனால் திரும்பி வராது.

கடிகாரம் மாறும் நாட்கள் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இங்கிலாந்தில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகள். சிட்னியில் ஏப்ரல், அக்டோபர் முதல் ஞாயிறுகள். இந்த ஆறு நாளுக்கும் பத்து நாள் முன்பே புதிய நேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்கிறேன். போன நவம்பரில் நான் விளக்கைப் போட்டு, சுருதி வைத்து, ஐந்து மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அந்தப் பிள்ளையின் அம்மா ஆறு மணிக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். தவறு என்னுடையது.

பாட்டு

இணையத்தில் இரண்டு பேர் சேர்ந்து பாட முடியாது. குரல் போய்ச் சேரும் தாமதத்தில் தாளம் உடைந்துவிடும். அதனால் நான் ஒரு வரி பாடுவேன், குழந்தை தானே தாளம் போட்டுத் திருப்பிப் பாடும். இது ஒரு குறைதான், ஆனால் இதில் ஒரு நன்மையும் கண்டேன்: நம் குரலில் ஒட்டிக்கொண்டு தப்பிக்க முடியாததால் பிள்ளைகளுக்குத் தாளம் சீக்கிரம் நிற்கிறது. மிருதங்க ஆசிரியர் மூன்று காலத்திலும் வாசித்துப் பதிவு செய்து தருவார். அதை அவர்கள் தங்கள் பக்கம் ஒலிக்கவிட்டுப் பாடுவார்கள்.

ஜூம் செயலி தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் நாளே Original sound for musicians என்ற அமைப்பைப் போட்டுக் காட்ட வேண்டும். இது தெரியாமல் ஒரு வருடம் சுருதி இல்லாமல் பாடம் நடத்தியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பாடம் வழக்கமான வரிசைதான். மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள், பிறகு ஏழு தாள அலங்காரம், மலஹரி கீதங்கள். நான் மாற்றுவது ஒன்றே ஒன்று. மூன்றாம் மாதத்திலிருந்து சிறிய தமிழ்ப் பாட்டும் கூடவே வரும். தேவாரத்தில் தொடங்கி, பிறகு சீர்காழி மூவர் என்று நாம் சொல்லும் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, அதன்பின் கோபாலகிருஷ்ண பாரதி. வீட்டில் தமிழ் பேசாத குழந்தைகூடப் பொருள் தெரிந்து பாடும்போது குரல் வேறு மாதிரி ஒலிக்கிறது. சிட்னியில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, 'ழ' வராமல் மூன்று வாரம் திணறினாள். நான்காம் வாரம் ஒரு பதிகத்தை இழுத்துப் பாடும்போது தானாக வந்துவிட்டது. பின்னால் சமையலறையில் அவள் பாட்டி கரண்டியைக் கீழே வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. திரையில் முகம் தெரியவில்லை. "இன்னொரு தரம் பாடு கண்ணு" என்ற குரல் மட்டும் வந்தது.

சாகித்தியத்தைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தருவோம். இரண்டாம் ஆண்டில் ஆங்கில எழுத்தை நிறுத்திவிடலாம். சொல்லிவைத்தால் வீட்டில் தமிழ் வகுப்பில் சேர்க்கிறார்கள்.

தினமும் பத்து நிமிடம் பாடி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப வேண்டும். வாரம் நான்கு பதிவாவது வராவிட்டால் புதிய பாடம் கிடையாது, பழையதே நடக்கும். பெற்றோரிடம் இதைச் சேரும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

நாட்டியம்

இந்தப் பகுதி அண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதியது.

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்ப்பதில்லை. ஒரு வகுப்பில் மூன்று பேருக்கு மேல் இல்லை. கேமராவைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைத்து, தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். அரைமண்டியில் முட்டி எங்கே போகிறது என்பது பாதத்தைப் பார்த்தால்தான் தெரியும். மாடி வீட்டில் வெறும் சிமெண்டு தரையில் தட்டினால் முட்டி கெடும், கீழ்வீட்டுக்காரரும் புகார் கொடுப்பார். தடித்த ரப்பர் விரிப்பின் மேல் ஒட்டுப்பலகை போட்டுக்கொள்ளும்படி அளவோடு எழுதி அனுப்புவோம்.

இரண்டு வருடம் முன்பு நடந்ததை அண்ணி இன்றும் சொல்லி வருந்துகிறார். அவர் கேமராவைப் பார்த்தபடி நாட்டடவு ஆடிக் காட்ட, ஒரு பெண் கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே பிடித்துக்கொண்டாள். வலது எல்லாம் இடது. இரண்டு மாதம் கழித்து விடுமுறைக்கு இங்கே வந்து மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. அவள் அழுதுவிட்டாள். அதைத் திருத்த ஐந்து மாதம் ஆனது. அதனால் மையத்தில் இரண்டு கேமரா வேண்டும்: அண்ணி முதுகைக் காட்டி ஆட ஒன்று, முகத்தையும் கையையும் காட்ட ஒன்று.

தட்டுக்கழி அண்ணி கையில் இருந்தாலும் அந்தச் சத்தம் அங்கே தாமதமாகத்தான் கேட்கும். சொற்கட்டைப் பதிவு செய்து அனுப்பி, பிள்ளைகள் தங்கள் பக்கத்தில் ஒலிக்கவிட்டே அடவு செய்வார்கள். முதல் ஆண்டு முழுக்க அடவுதான், மூன்று காலத்தில். அலாரிப்பு இரண்டாம் ஆண்டில்.

அரங்கேற்றத்துக்கு நாள் குறித்துத் தருவதில்லை. ஏழு வருடத்துக்கு முன் பேச்சே இல்லை. இதனால் சில குடும்பங்கள் வேறு இடம் போவார்கள். போகட்டும் என்று அண்ணி சொல்கிறார், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

விடுமுறை முகாம்

வருடத்தில் ஒரு முறை நேரில் வந்தால்தான் இணைய வகுப்பில் படிந்த பிழை உதிரும். ஜூலையில் மூன்று வாரம், 12 பிள்ளைகள், ஒவ்வொருவரோடும் பெற்றோரில் ஒருவர் கட்டாயம். காலை வகுப்பு, மாலை ஊர். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், சிதம்பரம் கோபுரத்தில் கரணச் சிற்பங்கள், தியாகராஜர் சமாதி உள்ள திருவையாறு. நரசிங்கம்பேட்டைக்குக் கட்டாயம் போக வேண்டும். ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்வதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. சிட்னிக் குடும்பங்களுக்கு டிசம்பர், ஜனவரிதான் நீண்ட விடுமுறை. அவர்களுக்கு ஒரு வாரச் சிறிய முகாம்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

வகுப்பின்போது பெரியவர் ஒருவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும். பதிவுகள் மையத்திடமும் அந்தக் குடும்பத்திடமும் மட்டும் இருக்கும். எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் எந்தக் குழந்தையின் படமும் முகநூலிலோ யூடியூபிலோ போகாது. நேர் வகுப்பில் கதவு திறந்தே இருக்கும்.

பணம்

மாடிக் கூடம் 320 சதுர அடி. மரச்சட்டம் அடித்து அதன்மேல் பலகைத் தளம் போட 1,60,000 ரூபாய். கணினி, கேமரா, மைக், விளக்குக்கு 1,50,000. இன்வெர்ட்டர், பேட்டரி 50,000. எதிரொலி அடக்கத் திரைச்சீலையும் சுவர்ப் பலகையும் 40,000. பதிவு, வலைத்தளம் 40,000. கண்ணாடிச் சுவர் 20,000. ஆக 4,60,000. இரண்டு மாதச் செலவுக்குக் கையிருப்பு 3,40,000 சேர்த்தால் 8 லட்சம்.

பாட்டு தனி வகுப்பு, மாதம் எட்டு, 40 நிமிடம்: 6,400 ரூபாய். நாட்டியம் மூவர் வகுப்பு, மாதம் எட்டு, ஒரு மணி நேரம்: 4,800. பாட்டுக்கு 20, நாட்டியத்துக்கு 16 பேர் நிறைந்தால் மாதம் 2,04,800 வரும்.

செலவில் எனக்கும் அண்ணிக்கும் தலா 40,000, இன்னொரு பாட்டு ஆசிரியருக்கு 25,000, மிருதங்கத்துக்கு 12,000, ஒருங்கிணைப்பாளருக்கு 15,000, சித்தப்பாவுக்கு வாடகை 15,000, மின்சாரமும் இரண்டு இணைய இணைப்பும் 9,000, வங்கிக் கட்டணம் 6,000. மொத்தம் 1,62,000. மிச்சம் 42,800. சித்தப்பா வாடகை வேண்டாம் என்பார். வேண்டும் சித்தப்பா, கணக்கில் எழுதாத உதவி நாளைக்கு மனக்கசப்பாகும்.

நிறையும்வரை, முதல் ஐந்து மாதம் நஷ்டம்தான். அதற்குத்தான் கையிருப்பு. மாணவர் வராத மாதங்களில் ஆசிரியர் சம்பளத்தைக் குறைக்க மாட்டோம். மிருதங்க ஆசிரியருக்குக் கச்சேரி இருக்கும் மாதத்தில்தான் வருமானம். மாதாமாதம் நிலையாக ஒரு தொகை வந்தால் வேறு வேலை தேடிப் போகாமல் இருப்பார்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் என்பதால் ஜிஎஸ்டி பதிவு செய்தே தொடங்குவோம். வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியாக வரும் கட்டணம் ஏற்றுமதிக் கணக்கு. உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் வரி இல்லை. இங்கே இருக்கும் தாத்தா ரூபாயில் கட்டினால் அந்தச் சலுகை இல்லை, எனவே கட்டணம் அங்கிருந்தே வர வேண்டும். முகாம் நம் ஊரில் நடப்பதால் அதற்கு 18 சதவீதம் வரி சேர்த்துத்தான் கட்டணம் சொல்ல வேண்டும்.

இப்போது தேவையானவை

அத்தான், முதல் தவணையாக 3 லட்சம் பங்குனிக்குள் வந்தால் தச்சர் சித்திரையில் தளவேலையைத் தொடங்குவார். மீதி 5 லட்சம் ஜூனில். பணத்தைக் கடனாகத் தருகிறீர்களா, பங்காகவா என்பதை ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்து எழுதிக்கொள்வோம்.

சித்தப்பா, ஐந்து வருட வாடகை ஒப்பந்தம் வேண்டும். பின்பக்க மாடிப்படிக்குக் கைப்பிடியும் வேண்டும், சின்னப் பிள்ளைகள் ஏறி இறங்குவார்கள்.

அண்ணி, தட்டடவு எட்டுக்கும் சொற்கட்டுப் பதிவை வைகாசிக்குள் முடிக்க வேண்டும். மிருதங்க ஆசிரியர் செவ்வாய், வியாழன் மாலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போதிருக்கும் 14 குடும்பங்களுக்கும் பழைய கட்டணமே ஒரு வருடத்துக்குத் தொடரும் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மேலே போட்ட வரவிலிருந்து அந்த வித்தியாசம் மாதம் 14,000 ரூபாய் குறையும். மாத மிச்சம் 28,800 என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.